வீட்ல டாய்லெட் இருந்தும் ஏன் வெளிய போறாங்க: சர்வேயா, இன்டர்வியூவா, எக்ஸ்பெரிமென்ட்டா?

ரிசர்ச் மெத்தட்ஸுக்குன்னு எந்த ரீடிங்க எடுத்தாலும் நடுவுல ஒரு டேபிள் இருக்கும், மேல சர்வே, இன்டர்வியூ, எக்ஸ்பெரிமென்ட்னு மூணு தலைப்பு, பக்கவாட்டுல ஆறேழு வரி. எம்.எஸ்.டபிள்யூ, சோஷியாலஜி பசங்க தீசிஸுக்கு டாபிக் எடுக்குற நேரத்துல இந்த டேபிள பாக்குற விதத்த நான் கவனிச்சுட்டே வரேன், முக்கால்வாசிப் பேர் கண்ணு நேரா செலவு, நேரம்ங்கிற கடைசி வரிக்குப் போயிடுது, "சர்வே குறைஞ்ச செலவு"ன்னு அங்க போட்டிருக்கு, முடிஞ்சது, கூகுள் ஃபார்ம் ரெடி. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. ஏன்னா அந்த டேபிளோட முதல் வரிதான் முடிவு பண்ற வரி, மத்ததெல்லாம் அந்த முடிவ தாங்க முடியுமான்னு பாக்குறதுக்கு.

பொதுவா சொன்னா இது மனசுல நிக்காது, அதனால ஒரே ஒரு விஷயத்த எடுத்துக்கலாம். வட இந்திய கிராமங்கள்ல வீட்ல டாய்லெட் கட்டியிருந்தும் ஜனங்க வெளிக்குப் போறது. இத நான் எடுக்குறதுக்குக் காரணம், இந்த ஒரே பிரச்சனைய மூணு முறையிலயும் ஆராய்ஞ்சிருக்காங்க, மூணுக்கும் ரிசல்ட் வெளியாயிருக்கு, அதனால எந்த முறை என்ன கொடுத்துச்சு, எங்க நின்னுபோச்சுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம்.

டேபிள சுருக்கிப் போட்டா இப்படித்தான் வரும்:

| | சர்வே | இன்டர்வியூ | எக்ஸ்பெரிமென்ட் |
|---|---|---|---|
| எந்த மாதிரி கேள்விக்கு | எத்தன பேர், எவ்வளவு | ஏன், எப்படி, அவங்களுக்கு அது என்ன | இத மாத்தினா அது மாறுமா |
| ஆள் எண்ணிக்கை | நிறைய | கொஞ்சம் | ரெண்டு குழுவுக்கும் போதுமான அளவு |
| பலவீனம் | கேக்குற விதத்துல பதில் மாறும் | எத்தன சதவீதம்னு சொல்ல முடியாது | ஏன் மாறுச்சுன்னு தானா சொல்லாது |
| செலவு, நேரம் | குறைவு | நடுத்தரம் | அதிகம் |

இப்ப "வீட்ல டாய்லெட் இருந்தும் ஏன் யூஸ் பண்றதில்ல"ன்னு ஒரு ஸ்டூடண்ட் கேள்விய எழுதிட்டு வந்து நிக்கிறாங்கன்னு வைங்க. பாக்க ஒரு கேள்வி மாதிரி இருக்கும், உள்ள மூணு இருக்கு. யூஸ் பண்ணாதவங்க எத்தன பேர்? பண்ணாததுக்குப் பின்னாடி என்ன இருக்கு? எதையாவது செஞ்சா பண்ணுவாங்களா? இந்த மூணையும் தனித்தனி வாக்கியமா பேப்பர்ல எழுதாம டேபிள் பக்கம் போகவே கூடாதுங்கிறது என் கருத்து. எழுதினாலே பாதி பேருக்குப் புரிஞ்சிடும், நமக்கு உண்மையில தெரிய வேண்டியது எதுன்னு.

முதல் கேள்விக்கு சர்வே. 2013–14 குளிர்காலத்துல ரைஸ்ங்கிற ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க, டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் எல்லாம் சேர்ந்து பீகார், ஹரியானா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம்னு 5 மாநில கிராமங்கள்ல 3,200க்கும் மேற்பட்ட வீடுகள்ல ஒரு சர்வே எடுத்தாங்க. நல்லா வேல செய்யுற டாய்லெட் இருக்குற வீடுகள்லயே 40 சதவீதத்துக்கும் மேலான வீடுகள்ல ஒருத்தராவது வெளிய போறாங்கன்னு வந்துச்சு. அதுவரைக்கும் "டாய்லெட் கட்டிக் கொடுத்தா போதும், யூஸ் பண்ணிடுவாங்க"ன்னுதான் திட்டமெல்லாம் போட்டாங்க. இந்த மாதிரி ஒரு நினைப்ப அசைக்கணும்னா எண்ணிக்கை வேணும், பத்து வீட்ல உக்காந்து பேசிட்டு வந்து சொன்னா எந்த அதிகாரியும் கேக்க மாட்டாரு, "அந்த ஊர்ல அப்படி இருக்கும்"னு முடிச்சுடுவாரு.

ஆனா அந்த எண்ணிக்கை எப்படி வந்துச்சுங்கிறதுலதான் விஷயமே இருக்கு. தேசிய குடும்ப நல சர்வேல கேக்குற கேள்வி கிட்டத்தட்ட இப்படி: "உங்க வீட்டு ஆளுங்க வழக்கமா எந்த மாதிரி டாய்லெட் யூஸ் பண்றீங்க?" வீட்டுக்கு மொத்தமா ஒரே கேள்வி. கேள்விக்குள்ளயே "நீங்க டாய்லெட் யூஸ் பண்றீங்க"ங்கிறது உக்காந்திருக்கு பாருங்க, மருமக யூஸ் பண்றா, மாமனார் வயக்காட்டுக்குப் போறாருன்னா இதுக்கு என்ன பதில் சொல்றது, கட்டின டாய்லெட்ட கை காட்டிட்டுப் போயிடுவாங்க. ரைஸ் ஆளுங்க என்ன பண்ணாங்கன்னா, வீட்ல இருக்குற ஒவ்வொருத்தர் பேரையும் எழுதிக்கிட்டு ஒவ்வொருத்தருக்கும் தனியா கேட்டாங்க. அதுவும் முதல்ல, டாய்லெட் இருந்தும் வெளிய போறவங்களையும் பாத்திருக்கோம், டாய்லெட்லயே போறவங்களையும் பாத்திருக்கோம், இவர் எப்படின்னு ரெண்டு பக்கத்தையும் சமமா வச்சுட்டுக் கேட்டாங்க. வெளிய போறேன்னு சொல்றதுக்கு வெக்கப்பட வேண்டாம்ங்கிற இடத்த அந்த ஒரு வரி கொடுத்திடுது.

இந்த ரெண்டு விதமா கேக்குறதுல எவ்வளவு வித்தியாசம் வரும்? இத அவங்க சும்மா வாதம் பண்ணல, எக்ஸ்பெரிமென்ட்டா வச்சுப் பாத்தாங்க. டாய்லெட் இருக்குற வீடுகள ரேண்டமா ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு வீட்டுக் கேள்வி, இன்னொரு பாதிக்கு ஆளாளுக்குக் கேள்வி. 2019ல வந்த அந்தப் பேப்பர்ல ஆளாளுக்குக் கேட்டப்ப வெளிய போறதா வந்த கணக்கு சுமார் 20 சதவீதப் புள்ளி அதிகம். ஜனங்க அதே மாதிரி ஜனங்க, ஊர் அதே ஊர், கேள்வி மட்டும் வேற. "கேக்குற விதத்துல பதில் மாறும்"னு டேபிள்ல ஒரு கட்டத்துல சின்னதா எழுதி வச்சிருக்கோமே, அது 20 புள்ளி.

இது ஏன் முக்கியம்னா, சர்வேன்னு முடிவு பண்ற ஸ்டூடண்ட்ஸ் முழு கவலையையும் சாம்பிள் சைஸ்ல வச்சிருக்காங்க. எல்லாருக்கும் 384ங்கிற நம்பர் தெரியும், கைடு சொல்லியிருப்பாரு.

```
n = 1.96² × 0.5 × 0.5 / 0.05² ≈ 384
```

இது என்ன சொல்லுதுன்னா, ரேண்டமா 384 பேர எடுத்தா, பாதிக்குப் பாதின்னு வர்ற ஒரு சதவீதம் நிஜத்துலேர்ந்து மேலயும் கீழயும் 5 புள்ளிக்குள்ள இருக்கும்னு 95 சதவீத நம்பிக்கையோட சொல்லலாம், அவ்வளவுதான். இது ஆள எடுக்குறதுல வர்ற பிழைய மட்டும்தான் அடக்கும். கேள்வியில 20 புள்ளி ஓட்டை இருந்தா 384 இல்ல, 38,000 பேர்கிட்ட கேட்டாலும் அந்த ஓட்டை அப்படியே இருக்கும், இன்னும் சொல்லப்போனா தப்பான நம்பர் ரொம்ப உறுதியா வந்து நிக்கும். அதோட 384ங்கிறது ஒவ்வொருத்தரையும் தனித்தனியா ரேண்டமா எடுத்தா மட்டும்தான், நாலு தெருவுல வரிசையா வீடு வீடா ஏறி 384 நிரப்பினா அது 384 ஆகாது, ஒரே தெருவுல ஒரே மாதிரிதான் இருக்கும்.

சரி, எத்தன பேர்னு வந்தாச்சு. ஏன்?

சர்வேல "ஏன்"னு ஒரு கேள்விய வச்சு கீழ அஞ்சு ஆப்ஷன் போடுறது நம்ம பசங்க எல்லாரும் பண்றது: தண்ணி இல்ல, இடம் இல்ல, காசு இல்ல, பழக்கம், மற்றவை. இதுல இருக்குற சிக்கல், அந்த அஞ்சு ஆப்ஷனையும் எழுதினது நீங்க. உங்களுக்கு ஏற்கனவே தோணுனது மட்டும்தான் அதுல இருக்கும். தோணாத காரணம் "மற்றவை"ங்கிற கட்டத்துல போய் செத்துப்போகும்.

ரைஸ் சர்வேலயும் காரணம் கேட்டாங்க, வெளிய போறவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் அது சுகமா இருக்கு, வசதியா இருக்குன்னு சொன்னாங்க. இத மட்டும் வச்சா "பழக்க தோஷம், விழிப்புணர்வு இல்ல"ன்னு எழுதிட்டுப் போயிருக்கலாம். ஆனா அதே குழு ஹரியானா, உ.பி, குஜராத், அப்புறம் நேபாள சமவெளிப் பக்கம் வீடுகள்ல உக்காந்து நீளமா பேசினாங்க. அந்தப் பேச்சுல வந்ததுதான் குழி விஷயம். அரசாங்கம் சொல்ற டாய்லெட்டுக்குக் கீழ ரெண்டு சின்னக் குழி, ஒண்ணு நிறைஞ்சதும் இன்னொண்ணுக்கு மாத்திட்டு, மூடி வச்சது மக்கி எருவானதும் எடுத்துடலாம்னு திட்டம். இன்ஜினியரிங்கா பாத்தா ஒரு குறையும் இல்ல. ஆனா கிராமத்துல ஒருத்தருக்கு அந்தக் குழிய பாத்ததும் வர்ற முதல் கவலை "இது நிறைஞ்சா யாரு அள்ளுறது"ங்கிறதுதான். தன் கையால அள்ளுறது சாதிரீதியா நினைச்சே பாக்க முடியாத விஷயம், காலங்காலமா யார் தலையில அந்த வேலைய கட்டினாங்களோ அந்த தலித் ஜனங்க இப்ப அத செய்ய மறுக்குறாங்க, மறுக்குறது அவங்க உரிமை. அப்ப குழி நிறையக் கூடாது. நிறையக் கூடாதுன்னா ஒண்ணு, அரசாங்கக் குழிய விட பல மடங்கு பெருசா ஒரு தொட்டியா காசு போட்டுக் கட்டணும், இல்ல, இருக்குறத சேமிச்சு சேமிச்சு யூஸ் பண்ணணும், வயசானவங்க, உடம்பு முடியாதவங்க, ராத்திரி நேரம்னா மட்டும். "வெளிய போறது வசதி"ங்கிற அந்தப் பதிலுக்குப் பின்னாடி இவ்வளவு இருந்துச்சு.

இந்த பதில் எந்த சர்வே ஆப்ஷன்லயும் இருந்திருக்காதுங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. இது கிடைச்ச விதத்தையும் பாக்கணும். "ஏன் யூஸ் பண்றதில்ல"ன்னு நேரடியா கேட்டா தண்ணி இல்லம்பாங்க. இப்ப நம்ம ஊர்ல ஒரு ஸ்டூடண்ட் இதே மாதிரி கேக்கப் போனா, டாய்லெட்ட எப்ப கட்டுனீங்க, யார் கட்டச் சொன்னா, குழி எவ்வளவு ஆழம் தோண்டுனீங்க, ஏன் அந்த அளவு, முதல்ல யாரு யூஸ் பண்ணாங்க, நேத்து காலையில வீட்ல யார் யார் எங்க போனாங்கன்னு நடந்தத நடந்த வரிசையில கேக்கணும், காரணம் தானா வெளிய வரும். ஒரு பாட்டி "ஏம்மா, அது ரொம்பிட்டா நீயா வந்து அள்ளுவ?"ன்னு திருப்பிக் கேட்டாங்கன்னா அங்க நிக்கணும், அடுத்த கேள்விக்கு ஓடக்கூடாது. கேள்வித்தாள கையில வச்சுக்கிட்டு இருபது கேள்வியையும் வரிசையா முடிக்கிறது இன்டர்வியூ இல்ல, வாயால எடுக்குற சர்வே.

இன்டர்வியூவுக்கு எத்தன பேர்னு எல்லாரும் கேப்பாங்க. 2006ல கெஸ்ட், பன்ஸ், ஜான்சன்னு மூணு பேர் எழுதின பேப்பர் ஒண்ணு அடிக்கடி பேசப்படும், அவங்க டேட்டாவுல முதல் 12 இன்டர்வியூக்குள்ளயே பெரும்பாலான கருத்து வந்துடுச்சுன்னு கண்டாங்க. இத எல்லாரும் "12 போதும்"னு எடுத்துக்குறாங்க, அது ஒரே மாதிரி ஆளுங்ககிட்ட ஒரே விஷயத்தப் பேசுறப்ப. நம்ம விஷயத்துல ஆம்பளைங்க, பொம்பளைங்க, மேல் சாதித் தெரு, காலனின்னு அனுபவம் வேற வேறயா இருக்கும், நாலு பக்கத்துலயும் புதுசா எதுவும் வராத வரைக்கும் போகணும். டேபிள்ல "நடுத்தர செலவு"ன்னு இருக்கே, அது ஏமாத்தும். ஒரு மணி நேரப் பேச்ச எழுத்துல எடுக்க சாதாரணமா நாலஞ்சு மணி நேரம் பிடிக்கும், 16 இன்டர்வியூன்னா அதுவே ரெண்டு வாரம் முழு வேல, அதுக்கப்புறம்தான் அந்தப் பேச்ச கருத்து கருத்தா பிரிச்சுப் பேர் வைக்கிற கோடிங். ஊருக்குப் போற பஸ் காசு மட்டும் கணக்குப் போட்டு இறங்குறவங்க இந்த இடத்துலதான் மாட்டுறாங்க.

அப்புறம், 16 பேர்ல 10 பேர் குழியப் பத்தி சொன்னாங்கன்னு "62.5 சதவீதம்"னு பை சார்ட் போடுறது. தயவுசெஞ்சு வேண்டாம். அந்த 16 பேர நீங்க தேடிப் பிடிச்சு எடுத்தீங்க, ரேண்டமா எடுக்கல, அதனால அந்த சதவீதம் யாரையும் குறிக்காது.

மூணாவது கேள்வி, எதையாவது மாத்தினா என்ன ஆகும். இங்கதான் எக்ஸ்பெரிமென்ட். ஒடிசாவுல, பூரி மாவட்டத்துல, தாமஸ் கிளாசன் குழு 100 கிராமங்கள எடுத்து ரேண்டமா 50ல டாய்லெட் திட்டத்த நடத்தி, மிச்சம் 50 கிராமத்த அப்படியே விட்டு ஒப்பிட்டாங்க, ரிசல்ட் 2014ல வந்துச்சு. திட்டம் நடந்த கிராமங்கள்ல டாய்லெட் இருக்குற வீடு 9 சதவீதத்துலேர்ந்து 63 சதவீதத்துக்கு ஏறுச்சு, மத்த கிராமங்கள்ல 8லேர்ந்து 12. கட்டுறதுங்கிற வேல நடந்திருக்கு, சந்தேகமே இல்ல. ஆனா அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களுக்கு வயித்துப்போக்கு, திட்ட கிராமத்துல 8.8 சதவீதம், மத்ததுல 9.1 சதவீதம், வித்தியாசம்னு சொல்ல ஒண்ணும் இல்ல.

இதுல அப்படியே விட்ட அந்த 50 கன்ட்ரோல் கிராமங்கள் இல்லன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. திட்டம் ஆரம்பிச்சு ரெண்டு மூணு வருஷம் ஓடுது, அதுக்குள்ள மழை மாறுது, புது தடுப்பூசி வருது, ரோடு வருது, வயித்துப்போக்கு தானாவே குறையலாம், குறைஞ்சா திட்டத்துக்கு மாலை போட்டிருப்பாங்க. திட்டத்துக்கு முன்ன பின்ன மட்டும் அளந்துட்டு அத "எக்ஸ்பெரிமென்ட்"னு தீசிஸ்ல எழுதுறது நிறைய நடக்குது, முப்பது பேருக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுத்து முன்னாடி ஒரு மார்க் பின்னாடி ஒரு மார்க், அது எக்ஸ்பெரிமென்ட் இல்ல. ரேண்டமா பிரிச்ச இன்னொரு குழு எங்கன்னு கேட்டாலே தெரிஞ்சிடும்.

அதே நேரம் ஒடிசா ரிசல்ட்ட மட்டும் படிக்கிறவங்க "டாய்லெட்டால சுகாதாரத்துக்குப் பிரயோஜனம் இல்ல"ன்னு முடிவுக்கு வந்துட வாய்ப்பு இருக்கு. கட்டின வீடுகள்ல யாரு யூஸ் பண்ணாங்க, 63 சதவீதம் கட்டியும் ஊர்ல மிச்சப் பேர் வெளிய போனா கிருமி போகுமா, இதெல்லாம் அந்த ஒரு நம்பருக்குள்ள இல்ல. இந்த ரிசல்ட்டுக்கு அர்த்தம் கொடுக்குறது ஆளாளுக்குக் கேட்ட சர்வேயும், குழியப் பத்திப் பேசின இன்டர்வியூவும்தான்.

செலவு வரிக்கு இங்கதான் திரும்ப வரணும். 100 கிராமத்த ரேண்டமா பிரிக்கிறது எந்த எம்.எஸ்.டபிள்யூ ஸ்டூடண்டாலயும் முடியாது, அதனால "எக்ஸ்பெரிமென்ட் நமக்கில்ல"ன்னு எல்லாரும் அந்தப் பக்கமே பாக்குறதில்ல. ஆனா மேல சொன்னேனே, கேள்வி வார்த்தைய வச்சுப் பண்ணது, அதுவும் முழு எக்ஸ்பெரிமென்ட்தான், ரேண்டமா பிரிச்சாங்க, ஒண்ண மட்டும் மாத்துனாங்க, வித்தியாசத்த அளந்தாங்க, செலவு சர்வேயோட செலவேதான், ஃபாரம் ரெண்டு வகை அடிக்கணும் அவ்வளவுதான். எக்ஸ்பெரிமென்ட்டோட செலவு நீங்க எத மாத்துறீங்கங்கிறதப் பொறுத்தது, டேபிள் இத சொல்லாது.

இப்ப ஒரு ஸ்டூடண்ட், கையில மூணு மாசம், ஒரு ஒன்றியம், கூட உதவிக்கு ஆள் இல்ல. அவங்க எத எடுக்கணும்? எங்கிட்ட கேட்டா, அந்த ஒன்றியத்துல காரணம் இன்னும் யாருக்கும் தெரியலன்னா இன்டர்வியூதான், ரெண்டு மூணு குக்கிராமம், டாய்லெட் இருக்குற வீடு மட்டும், வீட்ல ஒருத்தர்கிட்ட மட்டும் பேசாம மாமியார்கிட்டயும் மருமககிட்டயும் தனித்தனியா. வடக்க வந்த குழி காரணம் நம்ம ஊர்லயும் அப்படியே இருக்கும்னு எடுத்துக்கவும் கூடாது, இங்க செப்டிக் டேங்க்கும் டேங்கர் லாரியும் இருக்குற ஊர் நிறைய, அந்தப் பயம் இங்க வேற உருவத்துல இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், போய்ப் பேசுனாத்தான் தெரியும்.

கைடு "நம்பர் வேணும்"னு பிடிவாதமா நின்னா, சர்வே எடுங்க, ஆனா வீட்டுக்கு ஒரு கேள்வியா இல்லாம ஆளாளுக்கு எடுங்க. டாய்லெட் இருக்குற வீடுகளோட லிஸ்ட்ட ஊராட்சியில வாங்கி அதுலேர்ந்து ரேண்டமா எடுங்க, தெரு முனையிலேர்ந்து வரிசையா ஏறாதீங்க. ஃபாரத்துல "நேத்து எங்க போனாங்க"ன்னு ஒரு நாளக் குறிப்பா கேளுங்க, "வழக்கமா"ன்னு கேட்டா எல்லாரும் நல்ல பிள்ளை பதில்தான் சொல்வாங்க. முடிஞ்சா எடுத்த வீடுகள்ல சீட்டு குலுக்கி பாதிக்கு மட்டும் பழைய வீட்டுக் கேள்விய வைங்க. ரெண்டு பாதியோட பதிலும் கிட்டக்கிட்ட வந்தா உங்க ஏரியாவுல கேள்வியோட விதத்தால பெரிய ஓட்டை இல்லன்னு எழுதலாம். ஆனா நூறு நூத்தம்பது வீடுதான் மொத்தம்னா சின்ன வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, 20 புள்ளி மாதிரி பெருசா இருந்தாத்தான் பிடிபடும், அதையும் ரிப்போர்ட்ல எழுதிடுங்க. வைவால சாம்பிள் ஏன் 384 இல்லன்னு கேட்டா, உங்க சாம்பிளுக்கு எத்தன புள்ளி பிழை வருதுன்னு போட்டுக் காட்டிட்டு, அந்த ரெண்டு வகை ஃபாரத்தையும் அவங்க முன்னாடி எடுத்து வைங்க.